உப்பு சாயத்தைப் பிடித்து வைக்குமா? ஒரு பழைய வேட்டியும் இரண்டு சிவப்பும்

"முதல் தண்ணியில ஒரு கை கல்லுப்பப் போட்டு ஊற வை, சாயம் நின்னுடும்." கும்பகோணம் பக்கம் புதுச் சேலை வாங்கி வந்த யாருக்கும் இந்த அறிவுரை கிடைக்காமல் இருக்காது. எனக்குச் சித்தி சொன்னார். சிவப்புப் பருத்திச் சேலையை உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்துப் பிழிந்தேன். தண்ணீர் ஏறக்குறைய தெளிவாகவே இருந்தது. அடுத்த வாரம் சாதாரணத் தண்ணீரில் அலசினால் வாளி முழுக்கச் சிவப்பு. "உப்பு பத்தலடி" என்றார் சித்தி. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே கதைதான்.

உப்பின் அளவில் குறை இல்லை. உப்பு செய்கிற வேலை வேறு, நாம் அதனிடம் எதிர்பார்த்த வேலை வேறு. இது புரிந்த பிறகுதான் வீட்டில் துணிக்குச் சாயம் போடுவதே எனக்குப் பிடிபட்டது.

ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, இயற்கைச் சாயமா, கெமிக்கல் சாயமா என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தச் சாயம் பருத்தி நூலை எப்படிப் பிடித்துக்கொள்கிறது? சில சாயங்கள் நூலின் மேல் சும்மா ஒட்டி உட்கார்ந்திருக்கும். சிலவற்றுக்கு நடுவே ஒரு தரகர் வேண்டும். சில சாயங்கள் தாமே நூலோடு வேதிப்பிணைப்பாகச் சேர்ந்துவிடும். நீலம் தரும் அவுரி இந்த மூன்றிலும் சேராது. தண்ணீரில் கரையாத அதைக் கரையும் நிலைக்கு மாற்றி, நூலுக்குள் போன பிறகு காற்றுப் பட்டுக் கெட்டியாக விட வேண்டும். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் சாயத்துக்கு மஞ்சளைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் கட்டிக்கொள்ளும் மஞ்சள் கயிறு ஆவணி பிறப்பதற்குள் வெளுத்துப் போகிறது அல்லவா? மஞ்சள் எந்தத் துணையும் இல்லாமல் பருத்தியில் ஏறும். ஆனால் வெயில் அதைச் சிதைத்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவது போல, சோப்பின் காரம் பட்டாலும் மஞ்சள் கறை சிவக்கும். சாம்பார் பட்ட வெள்ளை வேட்டியில் சோப்புப் போட்டதும் சிவந்து, வெயிலில் உலர்த்தியதும் காணாமல் போகிற அந்தக் கறை நமக்குத் தெரிந்ததுதான். படிகாரம் போட்டாலும் மஞ்சளை வெயிலிலிருந்து காப்பாற்ற முடியாது. எனவே முதல் முயற்சிக்கு மஞ்சளை எடுக்காதீர்கள். சுலபமாக ஏறுவதால் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள், அப்புறம் இயற்கைச் சாயமே நிற்காது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கடையில் விற்கும் மலிவான பாக்கெட் சாயங்களில் பலவும் இதே இனம்தான். நேரடிச் சாயம் என்பார்கள். கொதிக்கும் தண்ணீரில் சாயத்தையும் உப்பையும் போட்டுத் துணியை முக்கினால் போதும். இங்கே உப்புக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. பருத்தி தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் லேசான எதிர் மின்சுமை ஏறுகிறது. கரைந்த சாயத்திலும் எதிர் மின்சுமைதான். ஒரே மின்சுமை ஒன்றையொன்று தள்ளும். உப்பிலுள்ள சோடியம் நேர் மின்சுமை கொண்டது. அது நடுவில் புகுந்து அந்தத் தள்ளலைக் குறைக்கிறது. தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த சாயம் நூலை நெருங்கி உள்ளே போகிறது.

அவ்வளவுதான் உப்பின் வேலை. சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் விடும். பூட்டுப் போடாது. உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை சாயம் துணியைவிட்டு இறங்காது, தண்ணீர் தெளிவாகத் தெரியும். உப்பில்லாத தண்ணீருக்கு வந்ததும் தடை நீங்கி, ஒட்டாத சாயம் இறங்கிவிடும். சித்தியின் கைவைத்தியம் முதல் வாரம் பலித்ததற்கும் இரண்டாவது வாரம் தோற்றதற்கும் காரணம் இதுவே. வினிகர் போடச் சொல்கிறவர்களும் உண்டு. கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் சில சாயங்களுக்கு அமிலம் தேவை, அங்கிருந்து வந்த பழக்கம் அது. பருத்தியில் சாயத்தை நிறுத்தும் சக்தி வினிகருக்குக் கிடையாது.

சரி, நிற்கிற சிவப்பு வேண்டும் என்றால் என்ன செய்வது? இதைப் பார்க்கவே ஒரு பழைய நாலு முழ வேட்டியை எடுத்தேன். தராசில் 200 கிராம். கரையை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சரிபாதியாகக் கிழித்து, ஒரு பாதிக்குச் செயற்கைச் சிவப்பு, மறுபாதிக்கு மஞ்சிட்டி என்ற வேரின் சிவப்பு என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பாதியும் ஏறக்குறைய 100 கிராம் என்பதால் கணக்கும் எளிது. சாயம் போடுகிறவர்கள் எல்லா அளவையும் உலர்ந்த துணியின் எடையை வைத்தே சொல்வார்கள். துணியை எடை போடாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

இரண்டு பாதிக்கும் பொதுவான முதல் வேலை கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போக வெளுப்பது. பெரிய எவர்சில்வர் குண்டானில் தண்ணீர் வைத்து, இரண்டு தேக்கரண்டி சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்புத் தூளும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். பல வருஷம் துவைத்த வேட்டிதான், ஆனாலும் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிட்டது. அலசி உலர்த்திய துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உடனே உள்ளே இறங்கினால் துணி தயார். முத்துப் போல ஒரு நொடி நின்றாலும் இன்னொரு முறை கொதிக்க வேண்டியதுதான். திட்டுத் திட்டாகச் சாயம் ஏறுவதற்குப் பெரும்பாலும் இந்த இடத்தில் காட்டிய அவசரமே காரணம்.

செயற்கைப் பாதிக்கு நான் எடுத்தது ரியாக்டிவ் சாயம். சாயக் கடைகளில் Cold brand என்று கேட்டால் குளிர்ந்த தண்ணீரிலேயே ஏறும் வகையைத் தருவார்கள். இந்தச் சாயம் பருத்தி நூலிலுள்ள செல்லுலோஸோடு நேரடியாக வேதிப்பிணைப்பில் சேர்கிறது. 1956இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பருத்திச் சாயத்தில் அது பெரிய திருப்பம். அதற்கு 30 முதல் 40 டிகிரி சூடு போதும். சித்திரை, வைகாசியில் நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தாலே அந்தச் சூடு வந்துவிடும்.

100 கிராம் துணிக்கு 2 லிட்டர் தண்ணீர், 2 கிராம் சாயம். சாயத் தூளைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம் வேண்டும். இந்தத் தூளைச் சுவாசித்தால் மூச்சுக்குழாய்க்கு ஒவ்வாமை வரக்கூடும். ஃபேனை அணைத்துவிட்டுச் சமையலுக்கு எடுக்காத பாத்திரத்தில் கரையுங்கள். நனைத்த துணியைப் போட்டுப் பத்து நிமிடம் புரட்டிய பிறகு 100 கிராம் உப்பை மூன்று தடவையாகச் சேர்த்தேன். வேதாரண்யத்துக் கல்லுப்பு எங்கள் பக்கம் மலிவு. ஆனால் சுத்திகரிக்காத உப்பில் கால்சியம், மக்னீசியம் உப்புகளும் கொஞ்சம் இருக்கும். பின்னால் சோடா சேரும்போது அவை வெள்ளைத் தூளாகப் பிரிந்து துணியில் படியலாம். தூள் உப்பே வசதி.

அரை மணி நேரத்தில் தண்ணீரின் நிறம் குறைந்து துணி சிவந்துவிடும். பார்த்தால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். முடியவில்லை. இப்போது வெளியே எடுத்து அலசினால் அத்தனையும் போய்விடும். துணியை ஒரு பக்கம் தூக்கி வைத்து, 25 கிராம் சலவைச் சோடாத் தூளைத் தனியாக வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு ஊற்ற வேண்டும். இந்தக் காரம் சேர்ந்த பிறகுதான் சாயம் நூலோடு பிணைகிறது. பூட்டுப் போடுவது சோடா. ஒரு மணி நேரம் அவ்வப்போது புரட்டிக் கொடுங்கள். ஆப்பச் சோடாவை இதற்குப் பதிலாகப் போடாதீர்கள், இந்தச் சூட்டில் அதன் காரம் போதாது. சலவைச் சோடா கல்கண்டு மாதிரிப் படிகமாகக் கிடைத்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், தூளைப் போல இரண்டே முக்கால் மடங்கு எடுக்க வேண்டும்.

காரத் தண்ணீரில் எல்லாச் சாயமும் நூலோடு சேர்வதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடு சேர்ந்து, இனி பிணையவே முடியாத நிலைக்குப் போய்விடும். அது துணிக்குள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வெளியேற்ற வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி உப்பை முழுக்க நீக்குங்கள். உப்பு இருக்கும்வரை உதிரிச் சாயம் இறங்காது என்று மேலே பார்த்தோம். அப்புறம் கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்துப் பிழிய வேண்டும். மூன்றாவது வெந்நீர்தான் எனக்குத் தெளிவாக வந்தது. புதுச் சேலை சாயம் விடுகிறது என்றால், இந்தக் கடைசி வேலையை யாரோ பாதியில் விட்டிருக்கலாம். அதை உப்பில் ஊற வைப்பது வெளியேற வேண்டிய சாயத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். துணி தாங்கும் என்றால் தனியாக வெந்நீரில் அலசுவதே வழி. நான் இரண்டாவது தடவை அந்தச் சேலைக்கு உப்புப் போட்டிருக்கவே கூடாது.

இனி மஞ்சிட்டிப் பாதி. இதில் சமையல் உப்புக்கு இடமே இல்லை. மஞ்சிட்டி வேரின் சிவப்பு பருத்தியைத் தானாகப் பிடிப்பதில்லை. வெறும் துணியை அதில் கொதிக்க வைத்தால் அழுக்கு இளஞ்சிவப்பு ஏறி, இரண்டு சலவையில் போய்விடும். நடுவில் நிற்க ஒரு உலோக உப்பு வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்கு நிறமூன்றி என்று பெயர். நமக்குக் கைக்கெட்டுவது படிகாரம், அதிலிருக்கும் அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் பருத்தியில் அலுமினியம் பிடிப்பதற்கு நல்ல பிடிமானம் இல்லை. பட்டும் கம்பளியும் புரதம், அவற்றில் அந்தப் பிடிமானம் தாராளம். திருபுவனத்துப் பட்டுக்குச் சரியாக வரும் முறை வேட்டித் துணிக்கு வராதது இதனால்தான். பருத்திக்கு அந்தப் பிடிமானத்தை முதலில் நாம் உண்டாக்க வேண்டும். அதற்குத்தான் கடுக்காய்.

கடுக்காயின் துவர்ப்பு பருத்தியில் நன்றாக ஒட்டும், அந்தத் துவர்ப்பை அலுமினியம் இறுகப் பிடிக்கும். கடுக்காய், பிறகு படிகாரம், பிறகு சாயவேர் என்ற இந்த வரிசை நம் பகுதிக்குப் பழக்கமானது. தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்காகச் சேலை செய்த கொள்ளிடக்கரைக் கோடாலிக்கருப்பூரிலும், கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையின் கலம்காரித் துணிகளிலும் சிவப்பு இந்த வழியில்தான் வந்தது. சாயவேர் கிழக்குக் கடற்கரை மணலில் வளரும் சிறு செடியின் வேர். இன்று எளிதாகக் கிடைப்பது நாட்டு மருந்துக் கடை மஞ்சிட்டி, அதனால் அதை எடுத்தேன்.

கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 20 கிராமை 2 லிட்டர் வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, துணியை இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். காலையில் அலசாமல் பிழிந்து உலர்த்த வேண்டும். துணி வெண்ணெய் நிற மஞ்சளாக மாறியிருக்கும்.

எனக்கு அப்படி மாறவில்லை. காலையில் எடுத்தால் அடுப்புச் சாம்பல் நிறம். கடுக்காய் கெட்டுவிட்டதோ என்று புதுக் கடுக்காய் வாங்கிச் செய்தேன், மறுபடியும் சாம்பல்தான். மஞ்சிட்டிக்கு வைத்திருந்த துணியில் பாதி வீணானது. காரணம் போர் தண்ணீர். எங்கள் போரில் இரும்பு கலந்து வருகிறது. இறைத்தவுடன் தெளிவாக இருக்கும், மறுநாள் குடத்தின் அடியில் செம்பழுப்பாகப் படியும், குழாயடித் தரையிலும் அதே கறை. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. பழைய காலத்து எழுதும் மையே இப்படித்தான் செய்தார்கள். கலம்காரியின் கருப்புக் கோடும் இரும்பு ஊறலும் கடுக்காயும் சேர்ந்து வருவதுதான். அவர்கள் வேண்டிய இடத்தில் வரவழைத்த கருப்பு எனக்கு வேண்டாத இடத்தில் வந்துவிட்டது.

இதற்கு ஒரு சோதனை உண்டு, துணியைத் தொடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். வீட்டில் கிடைக்கும் தண்ணீரையெல்லாம் தனித்தனிக் கண்ணாடி டம்ளரில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூளைக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எங்கள் வீட்டில் மழைநீர் வெளிர் மஞ்சளாக இருந்தது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் மங்கல். போர் தண்ணீர் ஊதா கலந்த கருப்பாகத் திரும்பியது. மழைநீர் கிடைக்காவிட்டால், போர் தண்ணீரை அகன்ற வாளியில் காற்றுப்பட ஒரு நாள் வைத்து, வண்டலைக் கலக்காமல் மேல் தண்ணீரைத் துணியில் வடித்து மறுபடி சோதியுங்கள். இரும்புச் சட்டி, துருப்பிடித்த கைப்பிடி உள்ள வாளி, துரு ஏறிய கொடிக்கம்பி எதுவும் இந்தத் துணிக்குப் பக்கத்தில் வரக் கூடாது. கம்பியில் போட்டால் நடுவில் கருங்கோடு விழுந்துவிடும்.

மூன்றாவது முறை, மீதியிருந்த துணியை மழைநீரில் ஊற வைத்தேன், வெண்ணெய் மஞ்சள் வந்தது. அது 50 கிராம்தான், கடுக்காயும் அதற்கேற்ற பாதி அளவே. மேற்கொண்டு அளவுகளை உங்கள் வசதிக்காக 100 கிராம் துணிக்கே சொல்கிறேன். படிகாரம் 20 கிராமைப் பொடித்து வெந்நீரில் கரையுங்கள். இரண்டரை கிராம் சலவைச் சோடாவைத் தனியாகக் கரைத்து மெதுவாக அதில் ஊற்ற, பொங்கி அடங்கும். சோடா படிகாரத்தின் புளிப்பைக் கொஞ்சம் தணித்து, அலுமினியம் துணியில் படிய உதவுகிறது. மொத்தம் 2 லிட்டராக்கித் துணியை ஓர் இரவு ஊற வைத்து, பிழிந்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். இந்த உலர்த்தலில்தான் அலுமினியம் நூலில் கெட்டியாகிறது, அவசரப்படாதீர்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை நன்றாக அலச வேண்டும். ஒட்டாத படிகாரம் துணியில் இருந்தால் சாயக் குண்டானுக்குள் போய் அங்கேயே சாயத்தைப் பிடித்துக் குழம்பாக்கும். அந்தத் தூள் துணியின் மேல் படிந்து, கை பட்டாலே சிவப்பாக உதிரும்.

மஞ்சிட்டித் தூள் துணியின் எடைக்குச் சமமாக 100 கிராம். முதல் நாள் இரவே ஊற வைத்து, காலையில் துணியையும் போட்டு, முக்கால் மணி நேரத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றினேன். கை வைக்க முடியாத சூடு, ஆனால் கொதி வரக் கூடாது. 60, 70 டிகிரி. கொதித்தால் சிவப்பு பழுப்புப் பக்கம் சாய்ந்துவிடும். அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் புரட்டி, அடுப்பை அணைத்து, அதிலேயே இரவு முழுக்க விட்டேன். காலையில் அலசியபோது நல்ல செங்கல் சிவப்பு. தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து இருப்பது இந்தச் சிவப்புக்கு நல்லது. மழைநீரில் செய்தால் சாயக் குண்டானில் ஒரு சிட்டிகை சாக்பீஸ் தூள் போடுவது அதற்காகத்தான்.

இப்போது இயற்கையா செயற்கையா என்ற கேள்விக்குத் திரும்பலாம். சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்ற பொருளை 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் என்ற இரு வேதியியலாளர்கள் நிலக்கரித் தாரில் கிடைக்கும் பொருளிலிருந்து செய்துவிட்டார்கள். வேரில் இருப்பதும் தொழிற்சாலையில் செய்ததும் ஒரே மூலக்கூறு. தொழிற்சாலை அலிசரினுக்கும் அதே படிகாரம் வேண்டும். இயற்கை என்பதால் நிற்காமல் போவதுமில்லை, செயற்கை என்பதால் நின்றுவிடுவதுமில்லை. மஞ்சளும் பாக்கெட் நேரடிச் சாயமும் ஒரு பக்கம், சரியாகப் போட்ட மஞ்சிட்டியும் ரியாக்டிவ் சாயமும் மறுபக்கம் என்றே நான் பிரிப்பேன்.

இரண்டு துண்டையும் ஈர வெள்ளைத் துணிக்கு அடியில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்தேன். ரியாக்டிவ் துண்டு வெள்ளையில் எதுவும் விடவில்லை. மஞ்சிட்டி லேசான ரோஜா நிழல் விட்டது, இரண்டு அலசலுக்குப் பிறகு அதுவும் நின்றது. பாதியை அட்டையால் மறைத்துத் தெற்கு ஜன்னலில் இரண்டு வாரம் வைத்ததில் ரியாக்டிவில் வேறுபாடு தெரியவில்லை, மஞ்சிட்டியில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. தினமும் சோப்புப் போட்டுத் துவைக்கும் துண்டுக்கும் பள்ளிச் சட்டைக்கும் நான் ரியாக்டிவைத்தான் சொல்வேன். மஞ்சிட்டித் துணிக்கு நிழலில் உலர்த்தலும் காரம் குறைந்த சோப்பும் வேண்டும்.

செலவான தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரியாக்டிவ் தொட்டியில் லிட்டருக்கு 50 கிராம் உப்பு. கடல் நீரிலேயே சுமார் 35 கிராம்தான். கூடவே சோடாவின் காரமும் இருக்கிறது. இதைத் தென்னை அடியிலோ வாய்க்காலிலோ கொட்டினால், கடைமடையில் ஏற்கெனவே உப்பேறித் தவிக்கிற மண்ணுக்கு இன்னும் உப்பு. சாக்கடை இணைப்பு இருந்தால் நிறைய தண்ணீரோடு அதில் விடுங்கள். இல்லாவிட்டால் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் வெயிலில் வற்ற விட்டு, மிஞ்சும் உப்பை அள்ளிக் குப்பையில் சேர்க்கலாம்.

மஞ்சிட்டிக் குண்டானைக் கொட்ட வேண்டியதில்லை. அதில் இன்னும் சாயம் இருக்கும். கடுக்காயும் படிகாரமும் ஏற்றிய இரண்டு கைக்குட்டைகளை மறுநாள் அதே தண்ணீரில் போட்டேன். வெற்றிலை போட்ட உதடு மாதிரி ஒரு நிறம் வந்தது. மூன்றாம் நாள் போட்ட தலையணை உறைக்கு இளம் ரோஜா. அதற்கப்புறம் வேரில் எதுவும் மிச்சமில்லை, சக்கையை உரக்குழியில் போட்டுவிட்டேன்.